ரப்பர் அக்கா எடுத்த வரி

பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் செய்த காரியங்களில் கொஞ்சமாவது வெளியே சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அக்கா எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது வயது நாற்பத்து நான்கு. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் சி மொழியில் நிரல் எழுதியவர். பிறகு இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையான மாமியார் என்று பதினோரு வருஷம் வீட்டோடு போய்விட்டது. மாமியார் காலமான மறு மாதமே பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து உட்கார்ந்து படித்து, எங்கள் நேர்முகத் தேர்வுக்கு வந்தார். அவரோடு காத்திருந்தவர்களுக்கு அவர் மகள் வயது. கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்களைவிட நன்றாகப் பதில் சொன்னார். ஆனாலும் மேனேஜருக்கு மனசு வரவில்லை. "ஒரு வருஷம் கான்ட்ராக்ட்ல இருக்கட்டும், நல்லா பண்ணினா நிரந்தரம் ஆக்கிடலாம்" என்றார். கழிவறைப் பக்கத்துக் கதவை ஒட்டி யாருக்கும் வேண்டாத மேஜை ஒன்று இருந்தது. அதை அவர் தலையில் கட்டினோம்.

அந்த மேஜை மேல் எப்போதும் ரப்பர் துகள் கிடக்கும். நாங்களெல்லாம் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பென்சிலால் காகிதத்தில் கட்டம் போடுவார். கட்டத்துக்குள் ஓர் எண். நிரலில் ஒரு வரி நகர்ந்தால் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதுவார். மறுபடி அழிப்பார், மறுபடி எழுதுவார். காகிதம் ஓட்டை விழும்வரை இது நடக்கும். இரண்டாம் வாரமே நான் அவருக்கு ரப்பர் அக்கா என்று பெயர் சூட்டிவிட்டேன். அவர் காதிலும் விழுந்தது. "பரவாயில்ல தம்பி, பென்சில் அக்கான்னு வெச்சிருந்தா குத்தியிருக்கும்" என்று சிரித்தார்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கலாமே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் நான் எழுதினதத்தான் செய்யும். நான் எழுதினது தப்பான்னு அதுகிட்டயே போய்க் கேக்கச் சொல்றீங்களா?"

குழுத் தலைவன் நான். அவரைவிட மூன்று வயது இளையவன். முதல் வாரம் சார் என்றார், பிறகு தம்பி என்றார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் கம்பெனி செய்வது ஆஸ்பத்திரிப் பெட்டி. வார்டில் எட்டுப் படுக்கை இருந்தால், எட்டு நோயாளிகளின் நாடித்துடிப்பும் மூச்சும் கம்பி வழியாக நர்ஸ் மேஜையில் இருக்கும் ஒரே திரைக்கு வந்து சேரும். ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் நொடிக்கு ஒரு பொட்டலம் தகவல் வரும். அதை வாங்குகிற பகுதி, மெமரியில் ஓர் இடம் பிடித்து அதில் வைக்கும். அதே பொட்டலத்தை மூன்று பகுதிகள் பார்க்க வேண்டும். திரையில் காட்டுவது ஒன்று, மணி அடிப்பது இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டில் பதிந்து வைப்பது மூன்றாவது. மூன்றும் தனித்தனி வேகத்தில் ஓடுபவை. எது முதலில் முடிக்கும், எது கடைசியில் முடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் காலி செய்து கொடுப்பது யார் பொறுப்பு?

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு பொது அறை இருக்கிறது, வாசலில் ஒரு சிலேட்டு தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிறவர் சிலேட்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். வெளியே வருகிறவர் ஒன்றைக் கழிக்க வேண்டும். யார் கழிக்கும்போது பூஜ்யம் ஆகிறதோ அவர்தான் கடைசி ஆள், விளக்கை அணைத்துப் பூட்டுவது அவர் வேலை. எங்கள் நிரலில் கூட்டுவதற்குப் 'பிடி', கழிப்பதற்கு 'விடு'. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அந்த எண் இருக்கும். ஒரு பிடிக்கு ஒரு விடு, அவ்வளவுதான் சட்டம். ஒருவர் கூடுதலாக ஒன்றைக் கூட்டிவிட்டால் எண் பூஜ்யத்துக்கே வராது, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒருவர் இரண்டு தடவை கழித்துவிட்டால் அது இன்னும் மோசம், உள்ளே ஆள் இருக்கும்போதே விளக்கு அணைந்து அறை வேறு யாருக்கோ போய்விடும்.

சி மொழியில் இந்தச் சிலேட்டை யாரும் நமக்காகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நாமேதான் எழுத வேண்டும், நாமேதான் அழிக்க வேண்டும்.

இந்தப் பெட்டியின் முதல் நிரலை ஆறு வருஷத்துக்கு முன் எழுதியவன் நான். முதல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்டி திடீர் திடீரென்று செத்து விழுந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ பொட்டலத்தை அவசரப்பட்டுக் காலி செய்கிறார்கள் என்பதுவரை கண்டுபிடித்தேன். யார் என்பது பிடிபடவில்லை. பதிகிற பகுதி பக்கம்தான் சந்தேகம். கடைசி நாள், வட்டில் பதிகிற பகுதிக்குப் பொட்டலத்தைக் கொடுக்கும் இடத்தில் ஏற்கெனவே இருந்த பிடிக்குக் கீழே இன்னொரு பிடி போட்டேன். பெட்டி சாகவே இல்லை. மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தார். ஆண்டு விழாவில் மேடை ஏற்றினார்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், குழுத் தலைவன் ஆக்கினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

காரணம் என்ன என்று அதற்குப் பிறகு நான் தேடவே இல்லை. பெட்டியின் மெமரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே போவது ஒரு மாதத்தில் தெரிந்தது. ஏன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கையேட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'இரண்டு நாளைக்கு ஒருமுறை பெட்டியை அணைத்துப் போடவும்.' ஆறு வருஷம் எத்தனையோ நர்சுகள் அதை வேதவாக்காக நினைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா சேர்ந்து ஒன்பது மாதம் ஆனபோது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் மேனேஜருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நோயாளிகள் இருக்கும்போது திரையை அணைத்துப் போட்டு இரண்டு நிமிஷம் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கவா நாங்கள் வந்தோம் என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அணைத்துப் போடாமலே பெட்டியை ஓட வைக்கிற வேலையை மேனேஜர் அக்காவிடம் கொடுத்தார்.

நான்கு நாளில் அவர் என் மேஜைக்கு வந்தார். கையில் காகிதம்.

"தம்பி, எண்ணைக் கூட்டிக் கழிக்கிற விதத்துலதான் கோளாறோன்னு முதல்ல பாத்தேன். ரெண்டு பகுதி ஒரே நேரத்துல கழிச்சாலும் குழம்பாத மாதிரி நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கழிக்கிறதும் பூஜ்யமான்னு பாக்கிறதும் நடுவுல யாரும் புக முடியாத ஒரே வேலையா நடக்குது. ஆனா இங்க பாருங்க. மணிக்கு ஒரு பிடி, திரைக்கு ஒரு பிடி. பதியற இடத்துக்கு மட்டும் ரெண்டு பிடி. அவங்க விடறது ஒண்ணுதான். ஒவ்வொரு பொட்டலமும் கடைசியில ஒண்ணுலயே நின்னுடுது. இது ஏன் ரெண்டு?"

கட்டத்துக்குள் அந்த 'ஒன்று' அழுத்தி எழுதப்பட்டிருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். 'பெட்டி செத்துச்சு, காரணம் தெரியாம ஒட்டுப் போட்டேன் அக்கா.' அதைச் சொல்லியிருந்தால் அவர் ஒரு மணி நேரத்தில் வேரைப் பிடித்திருப்பார். ஆனால் என் தலைக்கு மேல் சுவரில் அந்தப் பாராட்டுப் பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் அசடு வழிய எனக்கு மனம் வரவில்லை.

"ரொம்ப வருஷம் ஆச்சே அக்கா. ஏதோ அவசரத்துல ரெண்டு தடவை எழுதியிருப்பேன். ஞாபகமில்ல."

"அப்போ எடுத்துடலாமா? ஏதாவது காரணம் இருக்குமோன்னு பயமா இருக்கு."

"எடுத்துடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் எடுத்தார், நான் ஒப்புதல் போட்டேன். உள்ளுக்குள் ஒரு மூலை அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஆறு வருஷத்தில் எவ்வளவோ மாறியிருக்கும், அந்தக் கோளாறும் தானாகவே போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோளாறு தானாகப் போகாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்.

சோதனை அறையில் இரண்டு வாரம் பெட்டி அணையாமல் ஓடியது. மெமரி ஒரே மட்டத்தில் நின்றது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். "வருஷக் கடைசியில உங்க நிரந்தரப் பேப்பர் ரெடி" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா வெட்கப்பட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது, "பதினோரு வருஷம் கழிச்சு எங்க வீட்டுல என்னை ஆபீஸ்காரின்னு நம்பப்போறாங்க தம்பி" என்றார்.

புது நிரல் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. மூன்றாவது வாரம் ஒரு காலை வேளையில் தலைமை நர்ஸிடமிருந்து மறுபடி போன்.

மூன்றாம் படுக்கைக்காரரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போவதற்காகக் கம்பிகளைக் கழற்றியிருக்கிறார்கள். நேர்க்கோடாக அவர் கோடு படுத்திருக்க வேண்டும். மணி அடித்தது. ஆனால் திரையில் நேர்க்கோடு ஏழாம் படுக்கையின் கட்டத்தில் ஓடியது. இரண்டு நர்சுகளும் டாக்டரும் விழுந்தடித்துக்கொண்டு ஏழுக்கு ஓடினார்கள். அங்கே ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் நெஞ்சை அமுக்கக் கையை வைத்ததும், "என்ன சார், என்ன?" என்று அலறியிருக்கிறார். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏழாம் எண்கள் ஐந்தில் இருந்தன, ஐந்தின் எண்கள் இரண்டில் இருந்தன. தலைமை நர்ஸ் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, படுக்கைக்கு ஓர் ஆளை நிறுத்திக் கையால் நாடி பார்க்க வைத்தார்.

கூட்டத்துக்கு மேனேஜர் எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டார். சுவரில் பெரிதாக நிரல் ஓடியது. கடைசியாகச் செய்த மாற்றம், சிவப்பில் ஒரே ஒரு வரி. அதன் பக்கத்தில், மாற்றியவர் என்று அக்காவின் பெயர். ஒப்புதல் போட்டவர் யார் என்று அவர் கேட்கவில்லை.

"இந்த வரி ஆறு வருஷமா இருந்துச்சு. ஆறு வருஷமா ஒரு எண்ணும் இடம் மாறல. நீங்க எடுத்தீங்க, மூணு வாரத்துல மாறிடுச்சு" என்றார் மேனேஜர்.

அக்கா தெளிவாகத்தான் பேசினார். "சார், அந்த வரியை எடுத்தது தப்பில்ல. ஏதோ ஒரு பகுதி ரெண்டு தடவை விடுது. திரை இன்னும் பிடிச்சிட்டு இருக்கும்போதே இடம் காலியாயிடுது. எல்லாப் பொட்டலமும் ஒரே அளவு. அதனால அடுத்து வர்ற படுக்கையோட பொட்டலத்தை மெமரி அதே இடத்துலதான் வைக்கும். திரை பழைய இடத்தையே பாத்துட்டு இருக்கு, அங்க வேற ஆளோட நாடி ஓடுது. அந்தக் கூடுதல் பிடி இதை மறைச்சிட்டு இருந்திருக்கு. ரெண்டு நாள் குடுங்க, எங்கன்னு கண்டுபிடிச்சிடறேன்."

ஒவ்வொரு சொல்லும் சரி. எனக்குத் தெரியும்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எழுதினவர் நீங்க. என்ன சொல்றீங்க?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அந்த வரி ஒரு காரணத்தோடதான் இருந்துச்சு."

பொய் இல்லை. கோர்ட்டில்கூட நிற்கும். இவ்வளவு கேவலமான ஓர் உண்மையை நான் வேறெப்போதும் பேசியதில்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். 'உங்ககிட்ட கேட்டேனே தம்பி, ஞாபகமில்லன்னு சொன்னீங்களே, கையெழுத்துப் போட்டீங்களே' என்று அவர் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. நான் சொல்லாமல் போகவே, காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அறிக்கை போனது. 'அனுபவம் குறைந்த ஒப்பந்தப் பணியாளர் பாதுகாப்பு வரி ஒன்றை நீக்கியதே காரணம். அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' அடையாளம் தெரிகிற மாதிரி பதவியும் தேதியும் இருந்தன. கீழே மேனேஜர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. பழைய வரியைத் திரும்பப் போட்டது நான். நர்சுகள் மறுபடி இரண்டு நாளைக்கு ஒருமுறை அணைத்துப் போட ஆரம்பித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். நிரலை மாற்றும் உரிமையை வியாழனன்றே பறித்துவிட்டிருந்தோம், படிக்க மட்டும் முடியும். ஐந்து மணிக்கு அவர் கிளம்பிப் போன பிறகு என் மின்னஞ்சலில் ஒரு கடிதம் கிடந்தது. எனக்கு மட்டும். மேனேஜருக்கு நகல் இல்லை. ஃபங்ஷன் என்று அவர் சொல்வது ஒரே ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு.

'சார், வட்டு நிரம்பி எழுத முடியாமல் போனால், எழுதும் ஃபங்ஷன் பிழை என்று சொல்லித் திரும்பும் முன் பொட்டலத்தை விட்டுவிடுகிறது. அதைக் கூப்பிட்ட ஃபங்ஷன், பிழையா இல்லையா என்று பார்க்காமல் கடைசியில் இன்னொரு முறை விடுகிறது. எழுதும் ஃபங்ஷனுக்குப் பொட்டலம் சொந்தமில்லை, பார்க்கக் கொடுத்ததுதான். அது விடவே கூடாது. அந்த ஆஸ்பத்திரியில் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நோயாளிகள் விஷயம், சீக்கிரம் சரி செய்யுங்கள்.'

தம்பி போய் மறுபடி சார் வந்திருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன் என்பது என் லட்சணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு.

திங்களன்று விசாரித்தேன். வட்டு நிரம்பித்தான் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் சோதனைப் பெட்டியில் சின்ன வட்டு, அடிக்கடி நிரம்பும், அதனால் அடிக்கடி செத்தது. பிறகு பெரிய வட்டு போட்டோம், கோளாறு தூங்கிப்போனது. எழுதும் ஃபங்ஷனில் இருந்த விடுவை எடுத்தேன், நான் போட்ட கூடுதல் பிடியையும் எடுத்தேன். வேண்டுமென்றே வட்டை நிரப்பிப் பார்த்தேன். எண்கள் அவரவர் கட்டத்தில் நின்றன, மெமரியும் ஏறவில்லை. திருத்திய நிரல் ஆஸ்பத்திரிக்குப் போனது. மாற்றத்தின் பக்கத்தில் என் பெயர் மட்டும் ஏறியது.

மேனேஜர் துள்ளிக் குதித்தார். "ஒரே நாள்! ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிட்டாரு!" என்று எல்லோருக்கும் சொன்னார். அந்தக் கடிதத்தைப் பற்றி அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கைதட்டல் அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கிய பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள், நானும் போனேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். குற்ற உணர்ச்சி தூங்கவிடாது என்றெல்லாம் சொல்கிறார்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூடுதலாகக் கூசுகிறது. என்னை உலுக்கியது மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை.

"நம்ம ரப்பர் அம்மா மருத்துவக் கருவி செய்யற இன்னொரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருக்கு. அங்க இருக்கிறவர் என் கூடப் படிச்சவரு. கேட்டாரு. அறிக்கையை அப்படியே அனுப்பி வெச்சிட்டேன். அவ்வளவுதான், கதவைச் சாத்திட்டாங்க. இது மூணாவது இடமாம்."

அறிக்கையை. என் கையெழுத்துப் போட்ட அறிக்கையை.

அன்றே நடந்ததை முழுசாகச் சொன்னேன். மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "போன அறிக்கையைத் திருப்பி எழுதினா ஆஸ்பத்திரிக்காரங்க நம்மளை என்னன்னு நினைப்பாங்க? முடிஞ்சு போனதைக் கிளறாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." கண்ணியமாகத்தான் சொன்னார். எனக்கும் ஒரு கணம் அப்பாடா என்று இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் அவர் கணவர், அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர், விரல் இடுக்கில் மை. நான் யார் என்று சொன்னதும் உள்ளே வரச்சொல்லாமலே, "உன்னைத் தேடி வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அக்கா வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தெரிந்தே சொல்லாமல் விட்டது, கடிதத்தை என் பெயரில் விழுங்கியது, மன்னிப்பு, எல்லாம்.

அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"வட்டு நிரம்பினா வர்ற வழியை அடைச்சிட்டீங்க. ஃபைலையே திறக்க முடியலைன்னா வர்ற வழி? அங்கயும் அதே மாதிரி ஒரு விடு இருந்ததா ஞாபகம். நேரமில்லாம எழுத விட்டுப்போச்சு. பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அவர் கடிதத்தில் சொன்ன இடத்தைத் தவிர ஒரு வரிகூடத் தள்ளிப் பார்க்கவில்லை.

"அப்போ இன்னைக்கும் அந்த ஆபத்து அங்க இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கவலையாகச் சொன்னார்.

பிறகு, "மன்னிப்பு எல்லாம் உங்க மனசு ஆறுறதுக்கு, சார். அதை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? போற இடத்துல எல்லாம் நோயாளியைக் கொல்லப் பாத்தவங்கற மாதிரி பாக்கறாங்க. அந்த அறிக்கையை மாத்த முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க" என்றார்.

"மாத்தறேன்" என்றேன்.

திங்களன்று விடிந்ததும் அலுவலகத்துக்குப் போய் அந்த இரண்டாவது வழியைப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே ஒரு விடு இருந்தது. எடுத்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இரண்டு மாற்றங்களுக்கும் அவரைக் குறிப்பிட்டேன். பிறகு மேனேஜருக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் கால் கேட்டது.

தலைமை நர்ஸ் குள்ளமானவர், ஐம்பதைத் தாண்டியவர், சட்டைப் பையில் மூன்று பேனா. எங்கள் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். எட்டுக் கட்டத்தில் எட்டுக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கொண்டுபோன புது அறிக்கையைக் கொடுத்தேன். அதில் ஒளிவுமறைவு இல்லை: கோளாறு ஆறு வருஷத்துக்கு முன் நான் எழுதியது, காரணம் தேடாமல் மறைத்தது நான், ஒப்பந்தப் பணியாளர் கேட்டபோது தெரிந்தே சொல்லாதது நான், உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவர். அதற்குக் கீழே என் கையெழுத்து ஒன்று மட்டும்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் ஒருமுறை ஏழாம் படுக்கைப் பக்கம் பார்த்தார். இப்போது அங்கே வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"அன்னைக்கு நல்லா இருந்த ஆளு செத்த மாதிரி காட்டுச்சு. அதனால பொழைச்சோம்" என்றார். "நிஜமா ஒருத்தர் செத்துட்டு இருக்கும்போது பக்கத்துப் படுக்கையோட நல்ல நாடியைக் காட்டியிருந்தா? நான் இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்திருப்பேன்."

"ஆமாங்க."

அவர் பழைய அறிக்கையைக் கோப்பிலிருந்து உருவி எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முத்திரை குத்தி, தேதி போட்டு, நகல் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இதைப் பத்திக் கேக்கற கம்பெனிக்கெல்லாம் இனிமே இந்தப் புது அறிக்கையைத்தான் குடுப்போம். அந்தம்மா இப்போ எங்க இருக்காங்க?"

"வீட்டுல. வேலை இல்லாம."

"பழைய அறிக்கையில 'விடுவிக்கப்படுகிறார்'னு போட்டிருக்கே. வேலையை அவங்களே விட்டுட்டாங்களா?"

"இல்லீங்க. அனுப்பிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அனுப்பிட்டாங்கன்னா? யாரு அனுப்பினது?"

மேனேஜர் என்று சொல்லலாம், கம்பெனி என்று சொல்லலாம், இரண்டும் கோர்ட்டில் நிற்கும். பக்கத்தில் ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்சும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன்.